பில் கட்டிலிருந்து மார்ச் 31 வரை: சின்னக் கடைக்கு ஒரு வருடக் கணக்கு எழுதி முடிப்பது எப்படி

மாமாவின் எலெக்ட்ரிக்கல் கடைக் கணக்கை 2024 ஏப்ரலில் என் கையில் கொடுத்தார்கள். நான் படித்தது வேறு படிப்பு. "பில்லை அடுக்கி வைத்து ஒரு நோட்டில் எழுதினால் போதும்டா மாப்ளே" என்றார் மாமா. எழுதினேன். வருடம் முடிந்து ஆடிட்டரிடம் கொண்டுபோனபோது இரண்டு பக்கமும் சேரவில்லை, சரக்கு மதிப்பு தப்பு, வீட்டுச் செலவு கடைச் செலவில் கலந்து கிடந்தது. எல்லாவற்றையும் திரும்ப எழுத மூன்று வாரம் போனது. அவர் கூடுதலாக வாங்கிய 4,000 ரூபாயும் போனது.

அந்த மூன்று வாரத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். தனி ஆள் நடத்தும், ஜி.எஸ்.டி. பதிவு உள்ள சின்னக் கடையை மனதில் வைத்திருக்கிறேன். கணக்கு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. எண்கள் மாமா கடையை ஒட்டியவை, எளிதாகப் புரிவதற்காக முழு ஆயிரங்களாக்கி இருக்கிறேன்.

1. முதலில் காகிதம்: எது ஆதாரம், எது ஆதாரம் இல்லை

கணக்கில் ஒரு வரி எழுத வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு சீட்டு இருக்க வேண்டும். கொள்முதல் பில், நாம் கொடுத்த விற்பனை பில்லின் நகல், சரக்கு திருப்பியபோது வந்த கிரெடிட் நோட், வாடகை ரசீது, மின்கட்டண ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், யு.பி.ஐ. பணம் வந்ததற்கான தினசரி அறிக்கை ஆகியவைதான் ஆதார ஆவணங்கள்.

கொட்டேஷன், புரோஃபார்மா பில், டெலிவரி சலான் மூன்றும் பில் மாதிரியே இருக்கும், ஆனால் இவற்றை வைத்துக் கணக்கு எழுதக் கூடாது. நான் ஒரு சலானை வைத்து 20,000 ரூபாய்க் கொள்முதல் எழுதிவிட்டேன். நான்கு நாள் கழித்து வரி பில் வந்தது, அதையும் எழுதினேன். ஒரே வயர் சுருள் இரண்டு முறை வாங்கியதாக ஆகிவிட்டது. சலான் வந்தால் தனிக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். பில் வந்ததும் அதன் பின்னால் சேர்த்துத் தையுங்கள்.

இறக்குக் கூலி, டீ, ஆட்டோ மாதிரிச் செலவுகளுக்கு யாரும் பில் தர மாட்டார்கள். அதற்கு வவுச்சர் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கினால் அதுவே ஆதாரம். ஆனால் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

பெட்ரோல் பங்க், கூரியர் மாதிரி இடங்களில் வரும் பளபளப்புத் தாள் ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். வந்த அன்றே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள். எவ்வளவு காலம் வைக்க வேண்டும்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த வருடத்தின் ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2024-25-க்கான கடைசித் தேதி 2025 டிசம்பர் 31 என்பதால், அந்த வருடக் கட்டு 2031 டிசம்பர் வரை பரணில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சீட்டின் மேல் ஓரத்திலும் சிவப்பு மையில் வரிசை எண் போடுங்கள். அதே எண்ணைக் கணக்கில் எழுதும் வரியிலும் போடுங்கள். பத்து மாதம் கழித்து ஒரு வரி சந்தேகமாக இருக்கும்போது இந்த எண்தான் உங்களைச் சீட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

2. பற்றும் வரவும்: தமிழில் யோசிப்பவருக்கு விழும் முதல் அடி

வீட்டில் நாம் எழுதும் வரவு செலவுக் கணக்கில் பணம் வந்தால் வரவு. இரட்டைப் பதிவுக் கணக்கில் ரொக்கம் உள்ளே வந்தால் அது ரொக்கக் கணக்கில் பற்று. அதாவது டெபிட். முதல் இரண்டு வாரம் நான் எழுதிய அத்தனையும் தலைகீழாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

வங்கி பாஸ்புக் இந்தக் குழப்பத்தைக் கூட்டும். நீங்கள் பணம் போட்டால் அதில் கிரெடிட் என்று வரும். அது வங்கியின் கணக்கு, உங்களுடையது அல்ல. உங்கள் பணத்தை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், அதனால் அவர்கள் புத்தகத்தில் நீங்கள் வரவு. உங்கள் புத்தகத்திலோ வங்கி உங்களுக்குத் தர வேண்டியவர், அதனால் பற்று. பாஸ்புக்கைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

"வரவு" என்ற சொல்லின் வீட்டு அர்த்தத்தைக் கடை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பற்று என்றால் இடப் பக்கம், வரவு என்றால் வலப் பக்கம், அவ்வளவுதான். சொத்து கூடினாலும் செலவு கூடினாலும் இடப் பக்கம். கடன், உரிமையாளர் கடையில் போட்ட முதல், வருமானம் கூடினால் வலப் பக்கம். குறைந்தால் எதிர்ப் பக்கம். இதை ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தேன். ஆகஸ்டில்தான் அந்த அட்டையைப் பார்க்காமல் எழுத வந்தது.

3. குறிப்பேடு: ஒரு பில்லை எழுதிப் பார்ப்போம்

கோயம்புத்தூர் மொத்த வியாபாரியிடமிருந்து கடனுக்கு வயர் வந்திருக்கிறது. சரக்கு விலை 20,000. 18 சதவீத வரி, அதாவது சி.ஜி.எஸ்.டி. 1,800, எஸ்.ஜி.எஸ்.டி. 1,800. பில் தொகை 23,600.

கொள்முதல் கணக்கு, பற்று 20,000
உள்ளீட்டு சி.ஜி.எஸ்.டி. கணக்கு, பற்று 1,800
உள்ளீட்டு எஸ்.ஜி.எஸ்.டி. கணக்கு, பற்று 1,800
மொத்த வியாபாரி கணக்கு, வரவு 23,600
(பில் எண், தேதிப்படி கடனுக்கு வயர் வாங்கியது)

கடைசியில் அடைப்புக்குள் இருப்பது விளக்கக் குறிப்பு. சோம்பேறித்தனத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் 23,600 முழுவதையும் கொள்முதலில் போட்டுவிடுவார்கள். அந்த 3,600 உங்கள் செலவே அல்ல. விற்கும்போது நீங்கள் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளப் போகிற பணம். அதைக் கொள்முதலில் கலந்தால் லாபம் குறைவாகத் தெரியும், வரியையும் கழிக்க மறந்துபோவீர்கள். அதே சரக்கு பெங்களூரிலிருந்து வந்தால் இரண்டுக்கும் பதில் ஐ.ஜி.எஸ்.டி. 3,600 என்று ஒரே வரி.

பில் கையில் இருப்பதால் மட்டும் வரியைக் கழித்துவிட முடியாது. விற்றவர் அதைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி வலைத்தளத்தில் வரும் `GSTR-2B` அறிக்கையை உங்கள் கொள்முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாதந்தோறும் `GSTR-3B` தாக்கல் செய்பவருக்கு 20-ம் தேதி கெடு. நடுவில் இருக்கும் ஆறு நாளில்தான் விடுபட்ட பில்லுக்காகப் போன் போட முடியும்.

தினமும் வரும் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினால் கை ஒடிந்துவிடும். கடன் கொள்முதலுக்கு ஓர் ஏடு, கடன் விற்பனைக்கு ஓர் ஏடு, பணம் வந்து போவதற்கு ரொக்க ஏடு (ரொக்கம், வங்கி என்று இரண்டு பத்தியோடு) வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் அடங்காதவை மட்டும் குறிப்பேட்டுக்குப் போகும். கொள்முதல் ஏட்டில் விற்பதற்காக வாங்கிய சரக்கு மட்டுமே வரலாம். கடையில் மாட்ட வாங்கிய அலமாரி அங்கே வந்தால், அது வருட முடிவில் சரக்குச் செலவாகிவிடும்.

நேரம் என்று பார்த்தால், தினமும் கடை அடைத்த பிறகு இருபது நிமிடம் போதும். ஒரு வாரம் விட்டால் இரண்டு மணி நேரம் ஆகும், ஏனென்றால் யார் எதற்குக் கொடுத்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

4. கல்லாவும் வீடும்

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாமா தினமும் கல்லாவிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ எடுப்பார். அக்காவின் பையன் பள்ளிக் கட்டணத்தைக் கடையின் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவார். "என் கடை, என் பணம், இதுக்கு என்னடா கணக்கு?"

கணக்கில் கடை வேறு, மாமா வேறு. அவர் எடுப்பதெல்லாம் எடுப்புகள் கணக்கில் பற்று, ரொக்கத்திலோ வங்கியிலோ வரவு. வீட்டுக்கு ஒரு மின்விசிறி எடுத்துப்போனால் அதன் கொள்முதல் விலையைக் கொள்முதல் கணக்கில் குறைத்து எடுப்புகளில் ஏற்ற வேண்டும். அதற்குக் கழித்த உள்ளீட்டு வரியையும் திருப்பி எழுத வேண்டும். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டைரி வைத்தேன். எடுத்தால் தேதியும் தொகையும் மட்டும் எழுதச் சொன்னேன். முனகிக்கொண்டே எழுதினார். அந்த டைரி என்ன சொன்னது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

5. பேரேட்டுக்கு எடுத்து எழுதுவது

குறிப்பேடு தேதி வாரியாகப் போகும், பேரேடு ஆள் வாரியாக, இனம் வாரியாகப் போகும். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம். எடுத்து எழுதியவுடன் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்பேட்டின் ஓரத்தில் போடுங்கள். எண் இல்லாத வரி என்றால் இன்னும் ஏற்றவில்லை என்று ஒரு பார்வையில் தெரியும். போன் அடித்து நடுவில் எழுந்துபோனால் இதுதான் காப்பாற்றும். மென்பொருளில் எழுதினால் இந்த வேலையை அதுவே செய்துவிடும். ஆனால் தவறான கணக்கைத் தேர்ந்தெடுத்தால் அது தடுக்காது.

மாதக் கடைசியில் இரண்டு வேலை. ஒன்று, ஒவ்வொரு கணக்குக்கும் இருப்புக் கட்டுவது. இன்னொன்று, ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒரே தொகையாக இருக்காது. நீங்கள் கொடுத்த காசோலை இன்னும் பாஸாகி இருக்காது, வங்கி பிடித்த கட்டணம் உங்கள் ஏட்டில் இருக்காது. வங்கிக் கட்டணத்தை உங்கள் ஏட்டில் எழுதுங்கள். வழியில் இருக்கும் காசோலையைப் பட்டியலில் காட்டிவிட்டு அப்படியே விடுங்கள். யு.பி.ஐ. பணம் மறுநாள் வந்து சேரும் ஏற்பாடு என்றால், மார்ச் 31 விற்பனைப் பணம் ஏப்ரல் 1-ல்தான் வங்கியில் தெரியும். அது பழைய வருட விற்பனைதான், அங்கே ஏமாறாதீர்கள்.

6. இருப்பாய்வு: சேரவில்லை என்றால் எங்கே தேடுவது

மார்ச் 31-ல் எல்லாப் பேரேட்டு இருப்புகளையும் ஒரே தாளில் இறக்குங்கள். எங்கள் தாள் கடைசியில் இப்படி வந்தது:

| கணக்கு | பற்று | வரவு |
|---|---|---|
| ரொக்கம் | 18,000 | |
| வங்கி | 1,42,000 | |
| கடனாளிகள் | 86,000 | |
| தொடக்கச் சரக்கிருப்பு | 3,10,000 | |
| கொள்முதல் | 14,20,000 | |
| அறைகலன் | 60,000 | |
| வாடகை | 1,10,000 | |
| சம்பளம் | 1,44,000 | |
| காப்பீடு | 12,000 | |
| மின்சாரம், இதரச் செலவு | 24,000 | |
| எடுப்புகள் | 1,80,000 | |
| விற்பனை | | 18,50,000 |
| கடனீந்தோர் | | 1,36,000 |
| கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. | | 9,000 |
| முதல் | | 5,11,000 |
| மொத்தம் | 25,06,000 | 25,06,000 |

"கடைசியில்" என்று சொன்னேன் இல்லையா? முதலில் 4,500 ரூபாய் இடித்தது. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பில்லாகப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் ஓர் எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,500-ஐ வகுத்தால் 500. தேடினேன். ஒரு வியாபாரி கணக்கில் 8,300 என்பதை 3,800 என்று ஏற்றியிருந்தேன்.

9-ஆல் வகுபடவில்லையா? பாதியாக்கிப் பாருங்கள். 6,200 இடித்தால் 3,100 என்ற தொகையைத் தேடுங்கள், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருப்பீர்கள். அதுவும் இல்லை என்றால் முழு வித்தியாசத் தொகையையே தேடுங்கள், ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் விட்டிருக்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வேலையைத் தொடர்ந்து, தவறு கிடைக்கும்போது திருத்தலாம். ஆனால் அனாமத்தோடு வருடத்தை மூடாதீர்கள்.

இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஒரு பில்லை முழுக்க விட்டிருந்தாலும், சலான் கதையைப் போல இரண்டு முறை எழுதியிருந்தாலும், அலமாரியைக் கொள்முதலில் போட்டிருந்தாலும் இந்தத் தாள் அழகாகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு வியாபாரியிடமும் அவர்கள் புத்தகத்தில் நம் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். நான் வயர் சுருளை இரண்டு முறை எழுதியது அப்படித்தான் மாட்டியது.

7. சரக்கு எண்ணும் இரவு

இறுதிச் சரக்கிருப்பு பேரேட்டில் இருக்காது. மார்ச் 31 இரவு கடையை அடைத்துவிட்டு எண்ண வேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. நாங்கள் மூன்று பேர், ஐந்து மணி நேரம். பிரித்த வயர் சுருளை மீட்டர் கணக்கில் அளந்தோம். விற்று பில் போட்டு, வாடிக்கையாளர் நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போன பொருளைத் தனியாக ஒதுக்குங்கள், அது உங்கள் சரக்கு அல்ல.

எண்ணியாயிற்று, என்ன விலை போடுவது? மாமா விற்பனை விலையைப் போட்டார். ஆடிட்டர் முதலில் அடித்தது இதைத்தான். வாங்கிய விலையும், இன்றைக்கு விற்றால் கையில் நிற்கும் விலையும், இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். வாங்கிய விலையில் கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி. சேராது. யாரும் கேட்காத பழைய மாடல் விளக்குகள் ஒரு பெட்டி இருந்தது, அதை விற்கக்கூடிய விலைக்கு இறக்கினோம். திருத்திய மதிப்பு 2,95,000. சரக்கை ஒரு ரூபாய் கூட்டிப் போட்டால் லாபமும் ஒரு ரூபாய் கூடும், அதற்கு வரியும் கட்டுவீர்கள்.

8. சரிக்கட்டுப் பதிவுகள்

இருப்பாய்வில் இருப்பவை எழுதியபடி இருப்பவை. இந்த வருடத்துக்கு உரியதை மட்டும் நிறுத்தி, மற்றதை விலக்க வேண்டும். எங்களுக்கு நான்கு பதிவு வந்தது.

வாடகை மாதம் 10,000. மார்ச் வாடகை ஏப்ரல் 5-ல்தான் கொடுப்போம். கடையைப் பயன்படுத்தியது மார்ச்சில் என்பதால் செலவு இந்த வருடத்துடையது. வாடகைக் கணக்கு பற்று 10,000, கொடுபட வேண்டிய வாடகை வரவு 10,000.

தீக்காப்பீடு 12,000 ரூபாயை அக்டோபர் 1-ல் ஒரு வருடத்துக்குக் கட்டினோம். மார்ச் 31 வரை ஆறு மாதம்தான் ஓடியிருக்கிறது. முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு பற்று 6,000, காப்பீட்டுக் கணக்கு வரவு 6,000.

அறைகலன் 60,000-க்கு 10 சதவீதத் தேய்மானம். தேய்மானம் பற்று 6,000, அறைகலன் வரவு 6,000. வருமான வரிக் கணக்கில், அந்த வருடம் வாங்கி 180 நாளுக்குக் குறைவாகவே பயன்படுத்திய பொருளுக்குப் பாதி விகிதம்தான். அதனால் வாங்கிய தேதி தெரியும் பில் முக்கியம்.

கடைசியாக, 4,000 ரூபாய் பாக்கி வைத்த ஒரு ஒயரிங் கான்ட்ராக்டர் ஊரை விட்டே போய்விட்டார். வாராக்கடன் பற்று 4,000, அவர் கணக்கு வரவு 4,000. எழுதிவிட்டால் தள்ளுபடி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று மாமா தயங்கினார். கணக்கில் எழுதினால் அவரிடம் கேட்கும் உரிமை போய்விடாது.

இந்த நான்கும் எழுதுவதற்கு முன் லாபம் 1,25,000 என்று காட்டியது. எழுதிய பின் 1,11,000.

9. இறுதிப் பதிவுகள்: எந்தக் கணக்கை மூட வேண்டும், எதை மூடக் கூடாது

வருமானக் கணக்குகளும் செலவுக் கணக்குகளும் ஒரு வருடத்துக்கு மட்டும் உயிரோடு இருப்பவை. மார்ச் 31-ல் அவற்றைப் பூஜ்யமாக்கி, ஏப்ரல் 1-ல் வெற்றுப் பக்கத்தில் தொடங்க வேண்டும். அதைச் செய்யும் பதிவுகள்தான் இறுதிப் பதிவுகள். வரிசை மாறக் கூடாது:

1) வியாபாரக் கணக்கு பற்று 17,30,000. தொடக்கச் சரக்கிருப்பு வரவு 3,10,000, கொள்முதல் வரவு 14,20,000.

2) விற்பனைக் கணக்கு பற்று 18,50,000, வியாபாரக் கணக்கு வரவு அதே தொகை.

3) இறுதிச் சரக்கிருப்பு பற்று 2,95,000, வியாபாரக் கணக்கு வரவு.

4) வியாபாரக் கணக்கில் வலப் பக்கம் 21,45,000, இடப் பக்கம் 17,30,000. மொத்த லாபம் 4,15,000. வியாபாரக் கணக்கு பற்று, இலாப நட்டக் கணக்கு வரவு.

5) இலாப நட்டக் கணக்கு பற்று 3,04,000. வாடகை 1,20,000, சம்பளம் 1,44,000, காப்பீடு 6,000, மின்சாரமும் இதரச் செலவும் 24,000, தேய்மானம் 6,000, வாராக்கடன் 4,000 ஆகிய ஒவ்வொன்றும் வரவு. சரிக்கட்டிய பிறகு உள்ள தொகைகள் இவை. வாடகைக்கு இருப்பாய்வில் உள்ள 1,10,000-ஐ எடுத்தால் வாடகைக் கணக்கில் 10,000 தொங்கும்.

6) மிச்சம் நிகர லாபம் 1,11,000. இலாப நட்டக் கணக்கு பற்று, முதல் கணக்கு வரவு.

7) முதல் கணக்கு பற்று 1,80,000, எடுப்புகள் வரவு.

ஏழாவது பதிவில்தான் நான் முதல் தடவை சறுக்கினேன். எடுப்புகளும் பற்றுப் பக்கம்தானே இருக்கிறது என்று அதையும் ஐந்தாவதில் செலவுகளோடு சேர்த்து மூடினேன். கடை 69,000 நட்டத்தில் ஓடுவதாகக் காட்டியது. எடுப்பு செலவு அல்ல, அது இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் நேரே முதலுக்குப் போக வேண்டும்.

சரியாகப் போட்டபோது டைரியின் கதை தெரிந்தது. முதல் 5,11,000-இல் லாபம் 1,11,000 சேர்ந்து, எடுப்பு 1,80,000 போய், 4,42,000 நின்றது. கடை லாபத்தில்தான் ஓடியது, ஆனால் லாபத்தைவிட 69,000 அதிகமாக வீட்டுக்குப் போயிருந்தது. மாமா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த டைரியை ஒருமுறை எடுத்து வரச் சொன்னார்.

ரொக்கம், வங்கி, கடனாளி, அறைகலன், கடனீந்தோர் ஆகியவற்றை இந்தப் பதிவுகளில் தொடவே கூடாது. அவற்றின் இருப்பைக் கட்டி அடுத்த வருடத்துக்கு இறக்குவீர்கள், அவ்வளவுதான்.

சரியாக மூடினீர்களா என்று பார்க்க மறுபடியும் ஓர் இருப்பாய்வு எடுங்கள். இடப் பக்கம் ரொக்கம் 18,000, வங்கி 1,42,000, கடனாளிகள் 82,000, சரக்கு 2,95,000, அறைகலன் 54,000, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு 6,000. வலப் பக்கம் கடனீந்தோர் 1,36,000, ஜி.எஸ்.டி. 9,000, கொடுபட வேண்டிய வாடகை 10,000, முதல் 4,42,000. இரண்டும் 5,97,000. இந்தத் தாளில் "விற்பனை", "சம்பளம்", "எடுப்புகள்" என்று ஏதாவது பெயர் எட்டிப்பார்த்தால் ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது. இதே தாளை ஒழுங்காக அடுக்கினால் அதுதான் இருப்புநிலைக் குறிப்பு.

10. ஏப்ரல் 1

புதுப் பேரேட்டின் முதல் பதிவு தொடக்கப் பதிவு. மேலே உள்ள சொத்துகள் எல்லாம் பற்று, கடன்களும் முதலும் வரவு. 2,95,000 சரக்கு இப்போது தொடக்கச் சரக்கிருப்பு என்ற பெயரில் வரும். காப்பீட்டில் மிச்சமுள்ள 6,000-ஐ அன்றே புது வருடக் காப்பீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட்டால் செப்டம்பரில் மறக்காது.

பிறகு ஏப்ரல் 5 வரும், மார்ச் வாடகை 10,000 கொடுப்பீர்கள். கை பழக்கத்தில் வாடகைக் கணக்கைப் பற்றில் எழுதப் போகும். எழுதினால் புது வருடத்துக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று மாத வாடகை ஏறும், பழைய 10,000 கடன் தீராமலேயே பேரேட்டில் நிற்கும். பற்றில் எழுத வேண்டியது கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கு, வரவில் வங்கி.